பத்து வருட அனுபவம், படிவத்தில் 4 வருடம் 8 மாதம்

வாசகர் கேள்வி

"வணக்கம் மேடம். நான் டேட்டா அனலிஸ்டாக வேலை பார்க்கிறேன். முதல் வேலையில் சேர்ந்தது 2014 ஜூலை. நடுவில் ஒரு ஆறு மாதம் வேலை இல்லை, மற்றபடி இந்த 2025 மார்ச் வரை தொடர்ந்து வேலைதான். மூன்று நிறுவனங்கள், கடைசி நிறுவனத்தில் இரண்டு பதவி உயர்வு. அழகான டெம்ப்ளேட் ஒன்றில் ரெஸ்யூமே செய்து பல இடங்களுக்கு விண்ணப்பித்தேன். ஓர் அழைப்பும் இல்லை. ஒரு தளத்தில் ரெஸ்யூமேவை ஏற்றியதும் படிவம் தானாக நிரம்பியது. மொத்த அனுபவம் 4 வருடம் 8 மாதம் என்றும், தற்போது வேலையில் இல்லை என்றும் காட்டியது. கல்வி காலி. நான் படித்த பல்கலைக்கழகம், வேலை பார்த்த நிறுவனமாக வந்திருந்தது. திறன்களும் காலி. சரியாகக் கவனிக்காமல் அனுப்பியும் விட்டேன். மென்பொருளே என்னைத் தள்ளிவிடுகிறதா? விளம்பரத்தில் உள்ள சொற்களை வெள்ளை எழுத்தில் ஒளித்து வைக்கச் சொல்கிறார் ஒரு நண்பர். ஆறு மாத இடைவெளி தெரியாமலிருக்க வருடத்தை மட்டும் போடச் சொல்கிறார் இன்னொருவர். ரெஸ்யூமேவை இணைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?"

– பெயர் வேண்டாம் என்ற வாசகி

ஆலோசகரின் பதில்

அன்புள்ள வாசகிக்கு,

படிவத்தில் வந்ததை நீங்கள் அப்படியே குறித்து அனுப்பியது பெரிய உதவி. பெரும்பாலானவர்களுக்கு "அழைப்பு வரவில்லை" என்பது மட்டும்தான் தெரியும், உங்களிடம் சாட்சியே இருக்கிறது. ரெஸ்யூமேவையும் அந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கே என்ன தவறியது என்று ஏறக்குறைய வரிவரியாகச் சொல்லிவிட முடிகிறது.

முதலில், மென்பொருள் உங்களைத் தள்ளிவிட்டதா என்ற கேள்வி. ரெஸ்யூமேவைப் படிக்கும் பார்சர் யாரையும் எடுப்பதுமில்லை, தள்ளுவதுமில்லை. அது செய்வது எழுத்தர் வேலை. கோப்பிலிருந்து எழுத்துகளை உருவி எடுக்கும். தலைப்புகளைப் பார்த்து, இது வேலை, இது படிப்பு, இது திறன் என்று பகுதி பிரிக்கும். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் நிறுவனம், பதவி, தேதி ஆகியவற்றைத் தேடிப் படிவத்தின் கட்டங்களில் போடும். அத்தோடு அதன் வேலை முடிந்தது. ஆனால் ஆள் எடுப்பவர் அந்தக் கட்டங்களை வைத்துத்தான் தேடுகிறார். "குறைந்தது 8 வருட அனுபவம், தற்போது பணியில் இருப்பவர்" என்று அவர் வடிகட்டினால், 4 வருடம் 8 மாதம் என்று பதிவான நீங்கள் அந்தப் பட்டியலில் வரவே மாட்டீர்கள். உங்களை யாரும் நிராகரிக்கவில்லை, உங்கள் ரெஸ்யூமேவை யாரும் திறந்தே பார்க்கவில்லை. இரண்டின் விளைவும் ஒன்றுதான், ஆனால் இரண்டாவதைச் சரிசெய்வது உங்கள் கையில் இருக்கிறது.

இயந்திரம் நேரடியாக ஒருவரை நிறுத்துவதும் உண்டு. அது பெரும்பாலும் படிவத்தின் நடுவே வரும் ஆம், இல்லை கேள்விகளால் நடப்பது. "இந்த உரிமம் உங்களிடம் இருக்கிறதா" என்பதற்கு "இல்லை" என்று சொன்னால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடலாம். அதற்கும் ரெஸ்யூமேயின் வடிவத்துக்கும் சம்பந்தமில்லை.

உங்கள் 4 வருடம் 8 மாதம் எங்கிருந்து வந்தது?

உண்மையான கணக்கை முதலில் போடுவோம். முதல் வேலை 2014 ஜூலை முதல் 2015 நவம்பர் வரை, 17 மாதம். இரண்டாவது 2016 ஜூன் முதல் 2019 ஏப்ரல் வரை, 35 மாதம். மூன்றாவது 2019 மே முதல் இந்த மார்ச் வரை, 71 மாதம். மொத்தம் 123 மாதம், அதாவது 10 வருடம் 3 மாதம். இவற்றை உங்கள் ரெஸ்யூமே எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள். நிறுவனப் பெயர்களை எடுத்துவிட்டுத் தேதிகளை மட்டும் தருகிறேன்:

```
Lead Analyst      Since Jan 2024
Senior Analyst    Sep 2021 – Dec 2023
Analyst           May 2019 – Aug 2021
(Company B)       06/16 – 04/19
(Company A)       2014-15
```

ஐந்து வரியில் நான்கு விதமான தேதி. இதில் எந்தப் பார்சரும் தடுமாறாமல் படிக்கக்கூடியவை நடுவில் உள்ள இரண்டும்தான். இரண்டும் தலா 28 மாதம், சேர்த்தால் 56. அதுதான் 4 வருடம் 8 மாதம். அந்தத் தளத்தின் பார்சருக்குள் நான் எட்டிப் பார்க்க முடியாதுதான், ஆனாலும் கூட்டுத்தொகை இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவது தற்செயலாக இருக்காது. மற்ற மூன்று வரிகளும் கணக்கில் சேரவே இல்லை.

ஏன் சேரவில்லை? கடைசியிலிருந்து வருவோம். `2014-15` என்று எழுதும்போது உங்கள் மனதில் இருப்பது 2014 முதல் 2015 வரை. ஆனால் வருடம், கோடு, இரண்டு இலக்கம் என்ற அமைப்பு கணினி உலகில் வருடம்-மாதம் என்ற ஒற்றைத் தேதிக்குரியது. 15 என்று ஒரு மாதம் இல்லை, ஆகவே அது தேதியே இல்லை என்று பார்சர் விட்டுவிடலாம். ஒரு வகையில் நீங்கள் தப்பித்தீர்கள். இதே வேலை 2011-12 ஆக இருந்திருந்தால் 2011 டிசம்பர் என்று ஒரு முழுமையான, தவறான தேதி கிடைத்திருக்கும். விட்டுப்போனது காலியாகத் தெரியும், தவறாகப் போனது கண்ணில் படாமலே போய்விடும்.

அடுத்தது `06/16 – 04/19`. இரண்டு இலக்கம், சாய்கோடு, இரண்டு இலக்கம். இது 2016 ஜூனா, ஜூன் 16ஆம் தேதியா? மாதத்தை முன்னால் எழுதும் வழக்கத்தில் பழகிய பார்சருக்கு இது ஜூன் 16 முதல் ஏப்ரல் 19 வரை, வருடம் இல்லை. வருடம் இல்லாத தேதியை வைத்து எதையும் கழிக்க முடியாது. `06/12` போன்ற ஒன்றாக இருந்தால் 2012 ஜூன், ஜூன் 12, டிசம்பர் 6 என்று மூன்று விதமாகவும் படிக்கலாம். இரண்டு இலக்க வருடத்தை ரெஸ்யூமேயில் எங்குமே வைக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

உங்களுக்கு மிகப் பெரிய சேதம் செய்தது மேலே உள்ள `Since Jan 2024`. பார்சர் ஒரு வேலையை எண்ணுவதற்குத் தொடக்கமும் முடிவும் வேண்டும். முடிவு தேதி இல்லாவிட்டாலும், "இப்போது வரை" என்பதற்கான அடையாளச் சொல்லாவது வேண்டும். அந்தச் சொல்லாக எல்லாப் பார்சர்களும் அறிந்திருப்பது `Present`. `Current` என்பதும் பெரும்பாலும் ஓடிவிடும். `Since`, `till date`, `ongoing`, கோடு போட்டுவிட்டுக் காலியாக விடுவது எல்லாம் சில இடங்களில் புரியும், சில இடங்களில் புரியாது. உங்கள் வரியில் தொடக்கம் மட்டும் கிடைத்ததால் அந்த வேலை கைவிடப்பட்டது. அதன் பிறகு பார்சருக்குத் தெரிந்த கடைசித் தேதி 2023 டிசம்பர். அப்படியானால் நீங்கள் பதினைந்து மாதமாக வேலையில் இல்லாதவர்! ஆறு மாத இடைவெளியை மறைப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், உங்கள் ரெஸ்யூமே அதைவிடப் பெரிய ஓர் இடைவெளியை உண்டாக்கிக் கொடுத்திருக்கிறது.

தேதிக்கு ஒரே வடிவம்

மாதத்தின் மூன்றெழுத்துப் பெயரும் நான்கு இலக்க வருடமும் போதும்: `Jun 2016 – Apr 2019`. மாதத்தை எண்ணாக எழுத விரும்பினால் `06/2016 – 04/2019`. இரண்டும் நல்லவைதான், ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அதையே வையுங்கள். என் சாய்வு மாதப் பெயரின் பக்கம். மாதப் பெயரை நாளாக யாரும் தவறாகப் படிக்க முடியாது, பார்சரும் சரி, அவசரத்தில் புரட்டும் மனிதரும் சரி. சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாம் ரெஸ்யூமேக்குத் தேவையில்லை. `03/04/2021` என்று எழுதினால் மார்ச்சா ஏப்ரலா என்ற குழப்பம்தான் மிஞ்சும்.

மாதப் பெயரின் மொழியும் ரெஸ்யூமேயின் மொழியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆங்கில ரெஸ்யூமேயில் ஆங்கில மாதம். "2018 கோடை", "மூன்றாம் காலாண்டு" போன்றவை வேண்டாம்.

நடுவில் வரும் கோடு சிறியதா, நீளமானதா, `to` என்ற சொல்லா என்பதற்கெல்லாம் பலர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். அவ்வளவு பயம் வேண்டாம், மூன்றுமே பொதுவாக ஓடும். கவலைப்பட வேண்டியது வேறொன்று. தேதியை ஒரு குறுகலான பத்தியில் வைத்தால் `Jun 2016 –` ஒரு வரியிலும் `Apr 2019` அடுத்த வரியிலும் உடைந்து போகும். சில டெம்ப்ளேட்டுகளில் தேதிகள் எல்லாம் இடது ஓரத்தில் தனி நெடுவரிசையாக இருக்கும். எழுத்தை உருவும்போது ஐந்து தேதிகளும் ஒரு மூட்டையாகவும், ஐந்து வேலைகளும் இன்னொரு மூட்டையாகவும் வந்துவிட்டால், எந்தத் தேதி எந்த வேலைக்குரியது என்று யார் சொல்வது?

வருடம் மட்டும் போடலாமா?

போடலாம், சட்டவிரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் இலாபம் உங்களுக்கு இல்லை. `2018 – 2019` என்று ஒரு வரி இருந்தால் அது 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரையிலான இரண்டு மாதமாகவும் இருக்கலாம், முழு இருபத்து நான்கு மாதமாகவும் இருக்கலாம். மாதம் இல்லாதபோது பார்சர் ஏதோ ஒரு மாதத்தை ஊகித்தாக வேண்டும். இரண்டு பக்கமும் ஜனவரி என்று வைத்துக்கொண்டால், உங்கள் 17 மாத முதல் வேலை 12 மாதமாகச் சுருங்கும். மாதம் இல்லாத ரெஸ்யூமேவைப் பார்த்ததும், இங்கே ஏதோ இடைவெளி இருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுவதும் ஆள் எடுப்பவர்தான். மறைக்க நினைத்த இடத்தையே சுட்டிக்காட்டியதாகிவிடும்.

2015 டிசம்பர் முதல் 2016 மே வரை என்பது ஒன்பது வருடத்துக்கு முந்தைய சங்கதி. அதன் பிறகு தொடர்ந்து வேலை செய்திருக்கிறீர்கள். கேட்டால் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அதை ஒரு வேலைபோல எழுதி அனுபவப் பகுதிக்குள் நுழைக்கவும் வேண்டாம். சில பார்சர்கள் அதையும் ஒரு நிறுவனமாக எடுத்துக்கொண்டு மாதங்களைக் கூட்டிவிடும். வேலையில் சேரும் முன் பழைய நிறுவனங்களிடம் தேதிகளைச் சரிபார்ப்பது வழக்கம். அப்போது படிவத்தில் உள்ள தேதியும் அவர்கள் சொல்லும் தேதியும் ஒத்துப்போக வேண்டும்.

வெள்ளை எழுத்து யோசனைக்கு நேரடியான பதில்: வேண்டாம். பார்சருக்கு நிறம் பொருட்டே இல்லை, எழுத்தை மட்டும் உருவும். உருவியதை ஆள் எடுப்பவர் தன் திரையில் சாதாரணக் கறுப்பு எழுத்தில் பார்க்க முடியும். ஒளித்து வைத்த முப்பது சொற்களும் கடைசிப் பத்தியில் வரிசையாக நிற்கும். அப்புறம் நீங்கள் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது.

தலைப்புகள்

உங்கள் ரெஸ்யூமேயில் உள்ள தலைப்புகள் `Career Journey`, `Roots`, `Toolbox`. படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது, அந்த ரசனையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பார்சருக்குத் தலைப்பு என்பது ஒரு சொல் அல்ல, இங்கே ஒரு பகுதி முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்ற எல்லைக்கல். கல் தெரியாவிட்டால் முந்தைய பகுதியே தொடர்கிறது என்று அது நினைத்துக்கொள்ளும். `Career Journey` என்பதில் `Career` இருப்பதால் அது எப்படியோ தேறிவிட்டது. `Roots` தேறவில்லை. அதனால் அதன் கீழே இருந்த பட்டமும் பல்கலைக்கழகமும் அனுபவப் பகுதியின் வாலாகவே போயின. அங்கே ஓர் அமைப்பின் பெயர் வந்தால் அது நிறுவனம்தானே? பல்கலைக்கழகம் உங்களுக்கு வேலை கொடுத்த கதை இதுதான்.

இதில் ஓர் அதிர்ஷ்டமும் இருக்கிறது. பட்டத்துக்கு நேரே `Class of 2014` என்று போட்டிருக்கிறீர்கள். அதில் ஒரு வருடம் மட்டுமே இருப்பதால் கால அளவு எதுவும் கிடைக்கவில்லை, மொத்தத்தில் கூடவும் இல்லை. `2010 – 2014` என்று இருந்து, இதேபோல அனுபவத்தில் கலந்திருந்தால், 48 மாதம் சேர்ந்து 8 வருடம் 8 மாதம் ஆகியிருக்கும். பார்க்க நல்ல எண்தான், உங்கள் உண்மையான அனுபவத்துக்கு அது பக்கத்தில் கூட வரும். ஆனால் கல்லூரி நாட்களை வேலை அனுபவமாகக் காட்டிய விண்ணப்பம் உங்கள் பெயரில் நின்றிருக்கும்.

ஆகவே தலைப்புகளை மாற்றுங்கள். வேலைக்கு `Work Experience`, `Professional Experience` அல்லது `Employment History`. படிப்புக்கு `Education`. திறனுக்கு `Skills` அல்லது `Technical Skills`. சான்றிதழுக்கு `Certifications`. மேலே சுருக்கம் இருந்தால் `Summary`. தலைப்பு தனி வரியில், வேறு எந்தச் சொல்லும் ஒட்டாமல் நிற்கட்டும். ஒரே தலைப்பில் வேலையையும் படிப்பையும் சேர்த்து `Experience & Education` என்று வைக்க வேண்டாம், எல்லைக்கல்லை நட்டும் பயனில்லாமல் போகும்.

அழகு வேண்டும் என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், தடிமனாக்குங்கள், வண்ணம் கொடுங்கள், கீழே ஒரு கோடு இழுங்கள். இவை பொதுவாக எதையும் கெடுக்காது. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளிவிசையைத் தட்டித் தட்டி அகலப்படுத்துவதுதான் கெடுக்கும். அப்போது `EXPERIENCE` பத்துத் தனி எழுத்துகளாகிவிடுகிறது. அகலம் வேண்டுமானால் எழுத்துரு அமைப்பில் எழுத்து இடைவெளியைக் கூட்டுங்கள், பிறகு கீழே சொல்லும் சோதனையில் சரியாக வருகிறதா என்றும் பாருங்கள்.

பட்டத்தின் வரிகளைப் பொறுத்தவரை, பட்டத்தின் பெயர், பல்கலைக்கழகம், முடித்த தேதி. `Class of 2014` என்பதை `May 2014` ஆக்குங்கள். `Education` என்ற தலைப்பின் கீழ் வந்துவிட்டால் `2010 – 2014` என்றாலும் சிக்கல் இல்லை, பொதுவாகக் கடைசித் தேதியை முடித்த வருடமாக எடுத்துக்கொள்ளும்.

பதவி உயர்வும் திறனும்

உங்கள் மூன்றாவது நிறுவனத்தின் பெயர் மேலே ஒருமுறை வருகிறது, அதன் கீழே மூன்று பதவிகள். மனிதக் கண்ணுக்கு இது தெளிவு. பார்சருக்கு முதல் பதவிக்கு மட்டும் நிறுவனம் கிடைக்கும், மற்ற இரண்டும் அநாதையாக நிற்கலாம். அந்தப் பெயரை ஒவ்வொரு பதவியின் கீழும் திரும்ப எழுதுங்கள். கொஞ்சம் இடம் பிடிக்கும், படிப்பவருக்கு எரிச்சல் தராது. வேலையை மாற்றிக்கொண்டே இருப்பவர் என்ற எண்ணமும் வராது, பெயர் ஒன்றுதானே.

```
WORK EXPERIENCE

Lead Analyst
Company C
Jan 2024 – Present

Senior Analyst
Company C
Sep 2021 – Dec 2023
```

நிறுவனத்தின் பெயருக்கு நேரே மொத்தக் காலத்தையும் (`May 2019 – Present`) போட்டு, கீழே பதவிவாரியாகவும் போடுகிறவர்கள் உண்டு. மேற்பொருந்தும் மாதங்களை ஒரே முறை எண்ணும் அளவுக்குப் பல பார்சர்களுக்குப் புத்தி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இருக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம். பதவிவாரியான தேதிகள் மட்டும் போதும்.

இனி திறன்கள். `Toolbox` என்ற தலைப்பை மட்டும் மாற்றினால் உங்களுக்குப் போதாது. உங்கள் கோப்பைத் திறந்து அந்தப் பக்கவாட்டுப் பட்டையில் உள்ள சொற்களை மவுஸால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். தேர்வாகாது, ஏனென்றால் அந்தப் பட்டை முழுவதும் ஒரு படம். ஐந்துக்கு நான்கு வட்டம் என்று போட்ட மதிப்பெண்ணோடு சேர்ந்து திறனின் பெயரும் படமாகிவிட்டது. அந்த வட்டங்கள் மனிதருக்கும் எதையும் சொல்வதில்லை என்பது என் கருத்து. எஸ்க்யூஎல்லில் நான்கு வட்டம் என்றால் என்ன? யார் கொடுத்த வட்டம்? அவற்றை எடுத்துவிட்டு, `Skills` என்ற தலைப்பின் கீழ் திறன்களைக் காற்புள்ளி இட்டு எழுத்தாக எழுதுங்கள்.

அதோடு நிறுத்திவிடவும் வேண்டாம். சில பார்சர்கள் ஒரு திறன் எந்த வேலையின் விவரணையில் வருகிறது என்று பார்த்து, அந்த வேலையின் மாதங்களை அந்தத் திறனுக்கும் எழுதுகின்றன. கடைசியாக எப்போது பயன்படுத்தினார் என்பதையும் அப்படியே எடுக்கின்றன. `SQL` என்பது தனிப் பட்டியலில் மட்டும் இருந்தால் அதற்கு மாதக் கணக்கு இருக்காது. இரண்டாவது, மூன்றாவது நிறுவனங்களில் அதை வைத்து என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொரு பதவியின் கீழும் ஒரு வரி வந்தால் 35 மாதமும் 71 மாதமும் சேர்ந்து 106 மாதம், 8 வருடம் 10 மாதம் என்று பதிவாக வாய்ப்பு உண்டு. தேதி ஒழுங்காக இருப்பது திறனுக்கும் உதவுவது இப்படித்தான். உண்மையில் பயன்படுத்திய இடத்தில் மட்டும் எழுதுங்கள், அது சொல்லாமலே தெரியும்.

அனுப்பும் முன் ஒரு சோதனை

கோப்பைத் திறந்து எல்லாவற்றையும் தேர்வு செய்து, நகலெடுத்து, நோட்பேட் போன்ற வெறும் எழுத்துச் செயலியில் ஒட்டுங்கள். பார்சர் காண்பதற்கு இது மிக நெருக்கமான காட்சி. கட்டளை வரி பழக்கமிருந்தால், இதையும் இயக்கிப் பார்க்கலாம்:

```
pdftotext resume.pdf -
```

உங்கள் கோப்பில் நான் செய்து பார்த்தபோது கண்ணில் பட்ட ஒன்று இது. சான்றிதழ் தலைப்பு இப்படி வந்தது:

```
Certi cations
```

அச்சில் அது முழுமையாகத்தான் தெரிகிறது. அந்த அலங்கார எழுத்துருவில் `f`, `i` என்ற இரண்டும் ஒட்டிப்போய் ஒரே உருவாகிவிட்டன. அந்த உருவுக்கு எந்த எழுத்து என்ற விவரம் கோப்பில் சரியாகப் பதியவில்லை. அதனால் உருவும்போது இரண்டும் காணாமல் போகின்றன. `Certi cations` என்ற தலைப்பை எந்தப் பார்சரும் பட்டியலில் வைத்திருக்காது. வழக்கமான எழுத்துருவுக்கு மாறி, வேர்டிலிருந்து நேரடியாகப் பிடிஎஃப் ஆகச் சேமித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒட்டிய எழுத்தில் பார்க்க வேண்டியவை மூன்று: தலைப்பு தனி வரியில் முழுதாக இருக்கிறதா, ஒவ்வொரு தேதியும் தன் பதவியோடு ஒட்டி இருக்கிறதா, உங்கள் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் வந்திருக்கின்றனவா. கடைசியைச் சொல்லக் காரணம், வேர்டின் மேற்குறிப்புப் பகுதியில் வைத்த தொடர்பு விவரங்களைச் சில பார்சர்கள் படிப்பதில்லை.

இணையத்தில் ரெஸ்யூமேக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் தரும் தளங்கள் இருக்கின்றன. அவை காட்டுவது அவற்றின் பார்சர் எப்படிப் படிக்கிறது என்பதைத்தான். நீங்கள் விண்ணப்பிக்கும் நிறுவனத்தில் இருப்பது வேறாக இருக்கலாம். அந்த எண்ணைத் துரத்த வேண்டாம். நான் சொன்ன மாற்றங்களைச் செய்தாலும் எல்லா இடத்திலும் பிழையின்றி நிரம்பும் என்ற உத்தரவாதமும் கிடையாது. ஆகவே படிவம் நிரம்பியதும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, "தற்போது பணியில்" என்ற குறி, பட்டம் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் நீங்களே பார்த்துத் திருத்துங்கள்.

ஏற்கெனவே அனுப்பியவை

பெரும்பாலான படிவங்களின் கடைசியில் "மேலே உள்ள விவரங்கள் உண்மை" என்ற உறுதிமொழி இருக்கும். மென்பொருள் நிரப்பியதானாலும் அது உங்கள் கூற்றாகத்தான் கருதப்படும். உங்கள் விஷயத்தில் பிழை உங்களுக்கு எதிராகவே இருப்பதால் யாரும் ஏமாற்று என்று சொல்லப்போவதில்லை, இருந்தாலும் பல்கலைக்கழகம் நிறுவனமாக நிற்பதை அப்படியே விடாதீர்கள்.

அந்தத் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து சுயவிவரத்தைத் திறங்கள். புதிய ரெஸ்யூமேவை ஏற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று எண்ண வேண்டாம். சில அமைப்புகளில் புதிய கோப்பு இணைப்பாக மட்டும் சேரும், முதல் முறை நிரம்பிய கட்டங்கள் அப்படியே இருக்கும். கட்டங்களைக் கையால் திருத்திச் சேமியுங்கள். திருத்த வழியில்லை என்றால், பணியமர்த்தும் குழுவுக்குச் சுருக்கமாக எழுதுங்கள்: விண்ணப்ப எண், தவறாகப் பதிவான இரண்டு அல்லது மூன்று விவரங்கள், சரியானவை. பல நாடுகளின் தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள், உங்களைப் பற்றிய தவறான பதிவைத் திருத்தக் கேட்கும் உரிமையைத் தருகின்றன. ஆனால் முதல் கடிதத்திலேயே சட்டத்தை எடுக்க வேண்டிய தேவை இருக்காது.

தேர்வு முடிந்துவிட்ட பழைய விண்ணப்பங்களையும் இதே போலத் திருத்தி வையுங்கள். அதே நிறுவனம் அடுத்த பணியிடத்துக்கு ஆள் தேடும்போது பலமுறை முதலில் தேடுவது, தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் இந்தப் பழைய பதிவுகளுக்குள்தான்.